பாலிட்டிக்கு 64 மணி நேரம்: எந்த அட்டவணையில் போடுவது?

போன வருடம் யூபிஎஸ்சி மெயின்ஸில் ஜிஎஸ் 2 தாளை, அதாவது நாம் எல்லாரும் பாலிட்டி தாள் என்று சொல்வதை, 20 கேள்வியில் 16 மட்டும் எழுதிவிட்டு வெளியே வந்தேன். விட்ட நாலில் இரண்டு எனக்குத் தெரியவே தெரியாது, அதில் வருத்தமில்லை. மற்ற இரண்டும் நன்றாகப் படித்தவை. நேரம் போய்விட்டது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் திரும்பி வரும் விமானத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், தப்பு பரீட்சை மண்டபத்தில் நடக்கவில்லை, அதற்கு முந்தின இரண்டு மாதத்தை நான் பிரித்த விதத்தில் நடந்திருக்கிறது. இந்த வருடம் என் அறைத்தோழனும் எழுதுகிறான், அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனுக்காக உட்கார்ந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்கும் நேரம். 2025-இல் பிரிலிம்ஸ் மே 25, மெயின்ஸ் ஆகஸ்ட் 22. பிரிலிம்ஸ் முடிவு ஜூனில் வந்து, அந்தப் படபடப்பு அடங்கி உட்காரும்போது சரியாக இரண்டு மாதம்தான் மிஞ்சும். நாங்கள் இருவரும் துவாஸ் பக்கம் வேலை பார்க்கிறோம், அல்ஜுனிட்டில் அறை, காலை ஆறேகாலுக்கு வாசலைத் தாண்டியாக வேண்டும். மற்ற தாள்களும் இருக்கின்றன. எல்லாம் போக ஜிஎஸ் 2-க்கு என்று நேர்மையாக ஒதுக்க முடிந்தது, வார நாளில் விடிகாலை ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம். வாரத்துக்கு 8, எட்டு வாரத்துக்கு 64. ஜூ கூன் வரை ரயிலில் நிற்கும் முக்கால் மணி நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை. போன வருடம் சேர்த்தேன், அதுவும் ஒரு ஏமாற்று. நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குறிப்பு அட்டை புரட்டலாம், ஒரு வரி எழுத முடியாது. இந்தத் தாள் எழுதுகிற தாள்.

இந்த 64 மணியைச் செலவழிக்க எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. ஒன்று, புத்தக வரிசையில் முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை போவது, நேரமிருந்தால் இரண்டாவது சுற்று. இரண்டு, பாடத்தைக் கட்டு கட்டாகப் பிரித்து, படித்ததை மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என்று இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. மூன்று, பழைய கேள்வியை முதலில் எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல் பதில் எழுதி, எங்கே ஓட்டை விழுகிறதோ அதை மட்டும் படிப்பது. நான் போன வருடம் செய்தது முதலாவது.

பொதுவாகப் பேசினால் மூன்றும் நல்லதுபோலத்தான் தெரியும், அதனால் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்றிலும் ஓட்டிப் பார்க்கலாம். 2022 தாளில் வந்த கேள்வி இது: ஆளுநர் தன் சட்டமியற்றும் அதிகாரத்தைப் பயன்படுத்தத் தேவையான நிபந்தனைகள் என்ன, சட்டமன்றத்தின் முன் வைக்காமலே அவசரச் சட்டத்தைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது செல்லுமா. இரண்டு பகுதி, இரண்டுக்கும் தனித்தனியாக 'டிஸ்கஸ்' என்று போட்டிருந்தார்கள்.

புத்தக வரிசையில் போகிறவருக்கு இது எப்படி அமைகிறது பாருங்கள். குடியரசுத்தலைவரின் அவசரச் சட்டம், விதி 123, மத்திய அரசுப் பகுதியில் வரும். ஆளுநருடையது விதி 213, மாநில அரசுப் பகுதியில். இரண்டுக்கும் நடுவில் நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. என் வேகத்துக்கு 123-ஐ மூன்றாவது வாரம் படித்தேன், 213-க்கு வந்து சேர ஐந்தாவது வாரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தபோது 'இது அதேதான், முன்னாடியே பார்த்தாச்சு' என்று வேகமாகப் புரட்டிவிட்டேன். அங்கேதான் வழுக்கியது. 213-இல் மட்டும் இருக்கிற ஒன்று உண்டு: மூன்று சந்தர்ப்பங்களில் குடியரசுத்தலைவரின் அறிவுறுத்தல் இல்லாமல் ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது. அதே பொருளில் மசோதா கொண்டுவர முன் அனுமதி வேண்டும் என்றால், அப்படி ஒரு மசோதா வந்தால் குடியரசுத்தலைவரின் பரிசீலனைக்கு அனுப்பியிருப்பார் என்றால், அவரது ஒப்புதல் இல்லாத மாநிலச் சட்டம் செல்லாது என்றால். கேள்வி கேட்ட 'நிபந்தனைகள்' என்பதில் பாதி கனம் இதில்தான். வரிசையாகப் படித்தவன் கையில் இது நிற்கவே நிற்காது.

கட்டு முறையில் 123-உம் 213-உம் ஒரே காலையில் வரும். அதே கட்டில் மன்னிப்பு அதிகாரம் 72-உம் 161-உம், மசோதா ஒப்புதல் 111-உம் 200, 201-உம். ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் டெல்லி, வலப்பக்கம் மாநிலம் என்று எழுதினால், ஒத்துப்போகிற வரிகளைவிட ஒத்துப்போகாத வரிகள்தான் கண்ணில் குத்தும். 72-இல் ராணுவ நீதிமன்றத் தண்டனை உண்டு, 161-இல் இல்லை. மரண தண்டனையை அடியோடு மன்னிப்பது 72-இல் மட்டும். பதிலில் மதிப்பெண் வாங்கித் தருவது இந்த வித்தியாசங்கள்தான். அவற்றைத் தேட வேண்டியதில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும். அந்த மடித்த தாளை மூன்றாம் நாள் பார்க்கும்போது ஐந்து நிமிடம் ஆகும், பத்தாம் நாள் மூன்று நிமிடம். ரயிலுக்கு ஏற்ற வேலை என்றால் இது ஒன்றுதான்.

கேள்வி முதலில் என்ற முறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பியை, அறைத்தோழனைத்தான் சொல்கிறேன், புத்தகம் இல்லாமல் இந்தக் கேள்வியை எழுதச் சொன்னேன். கோப்பிக்கடை மேசையில் தே ஓ ஆறிக்கொண்டிருக்க, 11 நிமிடம் கைப்பேசியில் வைத்து எழுதினான். வந்தது இவ்வளவு: விதி 213, சட்டமன்றம் கூடியிருக்கக் கூடாது, உடனடி நடவடிக்கை தேவை என்று ஆளுநர் திருப்தியடைய வேண்டும், மறுபடி கூடினதிலிருந்து ஆறு வாரம். பிறகு ஜனநாயகம், கூட்டாட்சி என்று நாலு வரி வெறும் காற்று. இரண்டாவது பகுதிக்கு ஒரே வரி: 'இது அரசியலமைப்புக்கு எதிரானது.' அவனே தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, வழக்கு ஒண்ணுமே இல்லையே" என்றான்.

சரி, ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் அவன் படித்தது முழு அத்தியாயம் இல்லை, இரண்டு வழக்குகள். முதலாவது 1986 டிசம்பரில் தீர்ப்பு வந்த வாத்வா வழக்கு. புனேயில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டி.சி. வாத்வா பீகார் அரசிதழ்களைத் தோண்டி எடுத்ததில், 1967-இலிருந்து 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டு, பலவற்றை மறுபடி மறுபடி புதுப்பித்து, சிலவற்றுக்குப் பதினாலு வருடம் வரை உயிர் கொடுத்திருந்தது தெரிந்தது. சட்டமன்றத்துக்கே போகாமல் இப்படிச் செய்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் அவைக்கு வேலை நெருக்கடி இருந்தால் என்று ஒரு சின்ன வாசலையும் திறந்து வைத்தது. இரண்டாவது 2017-இல் கிருஷ்ண குமார் சிங் வழக்கு, அதுவும் பீகார்தான், சமஸ்கிருதப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது பற்றி. ஏழு நீதிபதிகள் அமர்வு. அந்த வரிசையில் வந்த அவசரச் சட்டங்களில் ஒன்றைக்கூட சட்டமன்றத்தின் முன் வைக்கவில்லை. வைப்பது சம்பிரதாயம் இல்லை, கட்டாயம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. கேள்வியில் இருக்கும் 'முன் வைக்காமல்' என்ற சொல்லுக்கு நேரடிப் பதில் இந்தத் தீர்ப்பு. வாத்வாவை மட்டும் எழுதினால் பாதிதான் வந்திருக்கும், ஏனென்றால் வாத்வா பேசுவது புதுப்பித்தலைப் பற்றி, முன் வைப்பதைப் பற்றி முடிவாகச் சொன்னது 2017.

புதன்கிழமை காலை அதே கேள்வியை மறுபடி எழுதினான். இந்தத் தடவை முதல் பகுதியில் ஆறு வரி, இரண்டாவதில் இரண்டு வழக்கும் ஒவ்வொரு வரியில். மொத்தம் பத்து நிமிடம். அவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் முதல் தடவை பட்ட அவமானம் அப்படி.

இதைப் பார்த்ததும் மூன்றாவது வழிதான் சிறந்தது என்று முடிவு கட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. பழைய கேள்வி தொட்ட இடத்தை மட்டுமே அது தொடும். இரண்டாவது வாரக் கடைசியில் அவனுடைய ஓட்டை நோட்டைப் புரட்டினேன். ஆளுநர், கட்சித்தாவல், நீதித்துறை என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. நிதிப் பகிர்வில், 280-உம் 279ஏ-வும் வருகிற இடத்தில், ஒரு வரிகூட இல்லை. அவன் அதில் கேள்வியே எடுக்கவில்லை, பிடிக்காத பாடம். கேள்வியைத் தானே தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் இருந்தால் மனசு தெரிந்த பக்கமே போகும். அதனால் கேள்வியை நீங்கள் எடுக்காதீர்கள். ஒரு வருடத் தாளை எடுத்தால் அதில் உள்ள வரிசைப்படியே போக வேண்டும், பிடிக்காததும் சேர்த்து.

கட்டு முறைக்கும் ஒரு குறை உண்டு, அது இன்னும் சத்தமில்லாதது. அட்டையில் எழுதியது அப்படியே உறைந்துவிடும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு ஆளுநர் வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னதும், நான் பரபரப்பாக ஒரு அட்டை போட்டேன்: ஆளுநருக்குக் கால வரம்பு, பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும். நம்ம ஊர் விஷயம் வேறு, தேக்காவில் சாப்பிடப் போன இடத்தில்கூட அதைப் பற்றித்தான் பேச்சு. அந்த அட்டையை ரயிலில் எத்தனை தடவை புரட்டினேன் என்று கணக்கில்லை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பிறகு குடியரசுத்தலைவர் விதி 143-இன் கீழ் கருத்துக் கேட்க, அதே வருடம் நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் முடியாது என்று கருத்துச் சொன்னது. காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் மட்டும், முடிவெடுங்கள் என்று சொல்ல நீதிமன்றத்துக்கு ஓரளவு இடம் உண்டு. இப்போது ஏப்ரல் அட்டையை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவர் பதில் எழுதினால், தெளிவாக, அழகாக, பழசை எழுதுவார். அதனால் வழக்கு உள்ள ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் பென்சிலில் தேதி போடுகிறேன், முப்பதாம் நாள் சுற்றில் அந்தத் தேதிக்குப் பிறகு ஏதாவது வந்ததா என்று மட்டும் பார்க்கிறேன். தீர்ப்பை அழித்துவிடவும் வேண்டாம். ஏப்ரலில் என்ன, நவம்பரில் என்ன என்று இரண்டையும் எழுதத் தெரிந்தால் அதுவே நல்ல பதில்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு இருக்கிறது, அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். பதில் தமிழில் எழுதலாம், கேள்வி தமிழில் வராது. ஆக ஒவ்வொரு கேள்விக்கும் முதல் அரை நிமிடம் மொழிபெயர்ப்புக்குப் போகிறது. 'கிரிட்டிக்கலி எக்ஸாமின்' என்றால் இரு பக்கமும் சொல்லி எடை போட வேண்டும், 'கமென்ட்' என்றால் உங்கள் நிலைப்பாடு வேண்டும், இதைப் படித்தவுடன் கை அறிய வேண்டும், யோசித்தால் நேரம் போச்சு. அடுத்தது வேகம். தாளில் 10 மதிப்பெண் கேள்வி பத்து, 150 சொல். 15 மதிப்பெண் கேள்வி பத்து, 250 சொல். மூன்று மணி நேரத்தைப் பிரித்தால் சின்னதுக்கு 7 நிமிடம், பெரியதுக்கு 11. கூட்டினால் சரியாக 180, மூச்சுவிட ஒரு நிமிடம் மிச்சமில்லை. நான் நிமிடத்துக்கு 16 தமிழ்ச் சொல் எழுதுகிறேன், அளந்து பார்த்தேன். யோசிக்க ஒரு நிமிடம் கழித்தால் ஆறு நிமிடத்தில் 96 சொல். பயப்பட வேண்டியதில்லை, 'குடியரசுத்தலைவருக்கில்லாத' என்று ஆங்கிலத்தில் ஐந்தாறு சொல்லாக வருவது நமக்கு ஒரே சொல்லில் அடங்கிவிடும். 100 தமிழ்ச் சொல்லில் விஷயம் நிறைவாகச் சொல்லலாம். ஆனால் 150 என்று மனதில் வைத்து எழுதினால் பதினாறாவது கேள்வியில் மணி அடித்துவிடும். எனக்கு அடித்தது.

இது மூன்று வழிகளில் எதில் முன்னாலேயே தெரிய வருகிறது? மூன்றாவதில் முதல் நாளே. இரண்டாவதில் எழுதிப் பார்த்தால். முதலாவதில் பரீட்சை அன்று.

சொற்களை ஒருமுகப்படுத்துவதும் இதில் சேரும். அரசமைப்பின் தமிழாக்கத்தில் 'உறுப்பு' என்று இருக்கும், பயிற்சி நோட்டுகளில் 'விதி', 'சரத்து', 'பிரிவு' எல்லாம் வரும். எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதையே எழுதுங்கள். மசோதா, சட்டமுன்வடிவு இரண்டும் சரி, ஆனால் ஒரே பதிலில் இரண்டும் வந்தால் திருத்துகிறவர் ஒரு கணம் நிற்பார்.

சிங்கப்பூரில் இருப்பதால் கிடைக்கிற ஒரு சின்ன லாபத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டத்தில் மற்ற நாட்டு அரசமைப்புகளோடு ஒப்பிடுவது ஒரு தலைப்பு. இங்கே அதிபர் 1993-இலிருந்து மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பதவி, முந்தைய அரசுகள் சேர்த்த இருப்பு நிதியைத் தொட அவருடைய சம்மதம் வேண்டும், அதை இரண்டாவது சாவி என்பார்கள். நம் குடியரசுத்தலைவருக்கு அப்படி ஒரு சாவி கிடையாது. சிறுபான்மைப் பிரதிநிதித்துவத்துக்கு நம்மிடம் தனித்தொகுதி, அதுவும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. இங்கே 1988-இல் வந்த குழுத்தொகுதி முறையில் அணியில் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். இன்னொன்று, நம் அரசமைப்பில் 153 என்றால் ஆளுநர், இங்கே 153ஏ-வில்தான் தமிழ் ஆட்சிமொழியாக உட்கார்ந்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு மொத்தமே ஒரு மணி நேரம். போன வருடம் விக்டோரியா தெரு நூலகத்தில் ஒரு ஞாயிறு முழுவதும் இதில் கரைத்தேன், தாளில் ஒரு வரிக்குக்கூட உதவவில்லை.

சரி, இந்த வருடம் நாங்கள் போட்டிருக்கும் அட்டவணை கலப்புதான். முதல் ஐந்து வாரம் கட்டு முறை: நிர்வாகம் ஒரு வாரம், சட்டமன்றமும் கட்சித்தாவலும் ஒரு வாரம், மத்திய மாநில உறவும் நிதியும் நெருக்கடி நிலையும் ஒரு வாரம், உரிமைகளும் நீதித்துறையும் ஒரு வாரம், உள்ளாட்சியும் தேர்தலும் அரசமைப்பு அமைப்புகளும் ஒரு வாரம். ஆறாவது வாரம் சமூக நீதியும் ஆட்சி நிர்வாகமும், ஏழாவது வெளியுறவு. பாலிட்டி தாள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே இந்த இரண்டையும் பலர் கடைசி மூன்று நாளில் தள்ளிவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஞாயிறு மட்டும் எல்லா வாரமும் கேள்வி முறை. அந்த வாரக் கட்டிலிருந்து நாலு கேள்வி, போன வாரத்திலிருந்து இரண்டு, இன்னும் தொடாத கட்டிலிருந்து இரண்டு. அந்தக் கடைசி இரண்டு சகிக்காது, அதற்காகத்தான் அது. எழுத ஒன்றேகால் மணி நேரம், ஓட்டையை அடைக்க மிச்சம். எட்டாவது வாரம் புதுசாக எதுவும் கிடையாது. அந்த ஞாயிறு முழுத் தாள் ஒன்று, 20 கேள்வி, 180 நிமிடம், நடுவில் எழுந்து போகக் கூடாது.

இது எல்லாருக்கும் பொருந்தாது. எது உங்களுக்கு என்று தெரிய ஒரு சோதனை செய்து பாருங்கள். மேலே சொன்ன 2022 கேள்வி படித்துவிட்டதால் கெட்டுப்போச்சு, வேறு மூன்று கேள்வியை ஒரு பழைய தாளிலிருந்து வரிசையாக எடுத்து, அரை மணி நேரம் வைத்து எழுதுங்கள். முதல் இரண்டு வரியே வரவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் பாடம் உள்ளே போகவில்லை, கௌரவம் பார்க்காமல் முதல் இரண்டரை வாரம் புத்தக வரிசையிலேயே போங்கள், எழுதிப் பார்ப்பதால் அப்போது பயனில்லை. விஷயம் வருகிறது, ஆனால் விதி எண்ணும் வழக்கின் பெயரும் நாக்கு நுனியில் நிற்கிறது என்றால் கட்டு முறை. எல்லாம் தெரிகிறது, ஆனால் இரண்டாவது கேள்வியிலேயே நேரம் தாண்டிவிட்டது என்றால் இனி ஒரு பக்கம்கூடப் படிக்க வேண்டாம், தினமும் கேள்வி.

தம்பி இதைச் செய்து பார்த்தான். மூன்று கேள்விக்கும் எழுதியிருந்தான், மூன்றும் நேரத்துக்குள். ஆனால் மூன்றாவதில் கேட்டது தேர்தல் ஆணையம், விதி 324. அவன் எழுதியிருந்தது நிதி ஆணையம். ஆங்கிலக் கேள்வியை அவசரத்தில் பாதி படித்திருக்கிறான். அந்த வாரம் அவனுக்கு அட்டவணையை மாற்றவில்லை, கேள்வியின் கீழே பென்சிலால் கோடு போடாமல் பேனாவை எடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.